வாக்கிங் போனாலே ஒற்றைத் தலைவலி வருகிறது. ஆனால் டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார், எப்படி ஆரம்பிப்பது?

ராதா_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, வங்கி வேலை. கல்லூரிக் காலத்திலிருந்தே மைக்ரேன் இருக்கிறது. ஒரு பக்கம் துடிக்கும், வெளிச்சம் ஆகாது, குமட்டும். மாதத்துக்கு எட்டு ஒன்பது நாள் இப்படிப் போகிறது. நரம்பியல் டாக்டர் ப்ரொப்ரனோலால் 40 கொடுத்திருக்கிறார், காலையும் இரவும். அதோடு "வாரத்துக்கு மூன்று நாள் வியர்க்கும்படி ஏதாவது செய்யுங்கள், யோகாவும் நல்லது" என்றார்.

சரி என்று மாலையில் வேகநடை ஆரம்பித்தேன். வாட்சில் இருக்கும் ஆப், 220-இல் வயதைக் கழித்து, அதில் 70 சதவீதத்துக்கு இதயத் துடிப்பைக் கொண்டுபோகச் சொன்னது. எனக்கு 129 வரவேண்டும். என்ன நடந்தாலும் 105-ஐத் தாண்டவில்லை. அதனால் ஓட்டமும் நடையுமாக மாற்றி 129-ஐத் தொட்டேன். அன்று இரவே தலைவலி. அடுத்த முறையும் அப்படியே. நடுவில் தோழியோடு சும்பா வகுப்புக்குப் போனேன், அதிலும் அதே கதை.

இப்போது வீட்டில் "உனக்கு உடற்பயிற்சி ஒத்துக்காது, விட்டுவிடு" என்கிறார்கள். நடையை விட்டுவிட்டு யோகா மட்டும் செய்தால் போதுமா? அல்லது இரண்டுமே எனக்கானது இல்லையா?

வேலு_காலைநடை

அம்மா, நான் முப்பது வருடமாக நடக்கிறவன். நீங்கள் மாலையில் நடப்பதுதான் தவறு. காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் நடந்து பாருங்கள், பித்தம் இறங்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலிக்குப் பாதிக் காரணம் தண்ணீர் குறைவுதான். அப்புறம் சிரசாசனம். தலைக்கு ரத்தம் போனால் வலி தானாக அடங்கும்.

பிசியோ_கோவை

வேலு ஐயா, தண்ணீர் விஷயம் சரிதான், காலை வெயிலுக்கு முன் நடப்பதும் நல்லதுதான். வெறும் வயிறும் சிரசாசனமும் மட்டும் இவருக்கு வேண்டாம், பின்னால் சொல்கிறேன்.

ராதா மேடம், நான் பிசியோதெரபிஸ்ட். தலைவலி, கழுத்துவலிக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 129-தான். ப்ரொப்ரனோலால் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவருக்கு 220 கழித்தல் வயது என்ற கணக்கு செல்லாது. மாத்திரை இல்லாத ஒருவர் 129-இல் இருக்கும்போது படும் சிரமத்தை நீங்கள் 105-லேயே பட்டிருப்பீர்கள். அதற்கு மேலும் 129 வரை தள்ளியிருக்கிறீர்கள் என்றால், முதல் நாளிலேயே உங்கள் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஓட்டப்பந்தய வேலை கொடுத்திருக்கிறீர்கள். வாட்ச் அதை "மிதமான பயிற்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள், அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது.

வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, பேசிப் பாருங்கள். பக்கத்தில் நடப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான அளவு. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் உங்களுக்கு இப்போதைக்கு அது அதிகம்.

இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். நடக்கப் போன நாட்களில் கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு? நடையைத் தொடங்கும்போது மெதுவாக எவ்வளவு நேரம் நடந்தீர்கள்? வலி வந்த நாட்களில், நடைக்கு முன்பே, அதாவது மதியத்திலேயே, கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இனிப்பு தின்னும் ஆசை என்று ஏதாவது இருந்ததா?

மகேஷ்_ஜிம்

எனக்கும் இதே மைக்ரேன்தான். போன வாரம் ஜிம்மில் டெட்லிஃப்ட் தூக்கும்போது பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி திடீர் வலி. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டது. இப்போது பரவாயில்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. முன்னே பின்னே எனக்குத் தலைவலியே வந்ததில்லை. வார்ம் அப்பை அதிகப்படுத்தினால் போதுமா?

பிசியோ_கோவை

மகேஷ், போதாது. உங்களுடையது இந்த இழையின் கேள்வியே இல்லை. இதுவரை தலைவலியே வராத ஒருவருக்கு, எடை தூக்கும் நொடியில், ஒரே நிமிடத்தில் உச்சிக்குப் போகும் வலி வந்தால் அதை மைக்ரேன் என்று நாமாகப் பெயர் வைக்கக்கூடாது. மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு, ரத்தக் குழாய்ச் சுருக்கம் இரண்டும் இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. வலி குறைந்துவிட்டது என்பதால் விட்டுவிடாதீர்கள். கழுத்து வேறு இறுகியிருக்கிறது என்கிறீர்கள். இன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு. அதுவரை எடை பக்கம் போகாதீர்கள்.

மகேஷ்_ஜிம்

சரி சார். அண்ணனோடு கிளம்புகிறேன்.

ராதா_திருச்சி

டாக்டர் கொடுத்த மாத்திரையும் துடிப்பும் இப்படி சம்பந்தப்பட்டிருக்கும் என்று யாருமே சொல்லவில்லை சார்.

நீங்கள் கேட்டதற்கு: மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. வங்கியிலிருந்து கிளம்ப ஆறரை ஆகும். ஏழு மணிக்கு நடை, முடித்து வந்து எட்டரைக்குச் சாப்பாடு. மாலை காபியையும் நடைக்காக விட்டுவிட்டேன். மெதுவாக நடப்பதெல்லாம் கிடையாது, வாசலைத் தாண்டியதும் வேகம்தான். மூன்றாவது கேள்வி பயமுறுத்துகிறது. டைரியைப் புரட்டினேன். வலி வந்த நான்கு நாட்களில் இரண்டில் "மதியமே கழுத்து பிடித்தது, கொட்டாவி" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஏசி காற்று என்று நினைத்தேன்.

ஒரு விஷயம் விளங்கவில்லை. வங்கியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பத்து நிமிட நடை தினமும் உண்டு. அதில் ஒன்றும் ஆவதில்லை.

பிசியோ_கோவை

அந்தப் பத்து நிமிடம்தான் நமக்குக் கிடைத்த நல்ல செய்தி. அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் அந்த இரண்டு நாட்கள். மைக்ரேன் தலைவலியோடு தொடங்குவதில்லை. பலருக்கு அதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே, கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் வந்துவிடும். அந்தக் கழுத்துப் பிடிப்பு தாக்குதலின் முதல் பகுதி. ஆக, அந்த இரண்டு நாளும் ஏற்கெனவே கிளம்பிவிட்ட தலைவலியின் மேல் நடந்திருக்கிறீர்கள். உடல் அசைவு மைக்ரேனை அதிகப்படுத்தும் என்பது அந்த நோயின் இலக்கணத்திலேயே இருக்கிறது, மாடிப்படி ஏறினால்கூட வலி கூடும். அதனால் நடைதான் வலியைக் கொண்டுவந்தது என்று தோன்றியிருக்கும். மற்ற இரண்டு நாட்கள் உண்மையிலேயே நடையால் வந்திருக்கலாம். ஆனால் அதில் ஆறு மணி நேரப் பட்டினி, திடீரென்று நிறுத்திய காபி, வார்ம் அப் இல்லாத வேகம் எல்லாமே சேர்ந்திருக்கின்றன. இதில் எது குற்றவாளி என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது.

உடற்பயிற்சியால் வலி வருவது உங்கள் கற்பனை என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் மைக்ரேன்காரர்களிடம் கேட்டபோது 38 சதவீதம் பேர் உடற்பயிற்சி தங்களுக்கு வலியைத் தூண்டியிருக்கிறது என்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்த விளையாட்டையே விட்டுவிட்டார்கள். தாக்குதல் தொடங்கும்போது கழுத்துவலி வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்தார்கள் என்பதும் அதில் வருகிறது. நீங்கள் அந்த வகைபோல் தெரிகிறது.

இப்போது முறை. ஸ்வீடனின் கோதன்பர்கில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வடிவமைத்தார்கள். ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம். அந்த 40-இல் முதல் 15 நிமிடம் வெறும் வார்ம் அப், நடுவில் 20 நிமிடம்தான் மூச்சு வாங்கும் வேலை, கடைசி 5 நிமிடம் மெதுவாக இறங்குவது. நம் ஊரில் வார்ம் அப் என்றால் இரண்டு முறை கையைச் சுற்றுவார்கள். மைக்ரேன்காரருக்குக் கால் மணி நேரம் தேவை. ரத்த ஓட்டமும் மூச்சும் ஒரே தாவாகத் தாவாமல் மெல்ல ஏற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

நீங்கள் அந்த 40-க்கு நேராகப் போகவேண்டாம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

முதல் இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என வாரம் மூன்று முறை. பத்து நிமிடம் நிறுத்தத்துக்கு நடக்கும் அதே வேகம், ஐந்து நிமிடம் பேச முடிகிற அளவுக்குக் கொஞ்சம் வேகம், பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக. மொத்தமே இருபது நிமிடம். இது ஒன்றுமே இல்லையே என்று தோன்றும், தோன்றட்டும். அடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடுவிலுள்ள வேகப் பகுதியில் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அது இருபதைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டவே கூடாது. நேரம் முதலில், வேகம் கடைசியில். வேகப் பகுதி நீளும்போது முன்னாலுள்ள மெதுநடையையும் பதினைந்தாக்கிவிடுங்கள்.

நடைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, ஒரு டம்ளர் தண்ணீர். காபி குடிக்கிறவர் என்றால் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு குடியுங்கள். காபியைக் குறைப்பதும் நடையைத் தொடங்குவதும் ஒரே மாதத்தில் வேண்டாம்.

கமலா_டோபி

நடுவில் ஒரு கேள்வி. நான் டோபிராமேட் சாப்பிடுகிறேன், துடிப்பு பிரச்சினை இல்லை. அப்படியானால் இந்த வாட்ச் கணக்கை நான் பார்க்கலாம்தானே?

பிசியோ_கோவை

பார்க்கலாம். ஆனால் டோபிராமேட் சிலருக்கு வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் போகும். ஏப்ரல், மே வெயிலில் திறந்த வெளியில் நடக்காதீர்கள். வியர்க்காமல் முகம் மட்டும் சிவந்து சூடானால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள்.

யோகா_செல்வி

இத்தனை கணக்கு எதற்கு? யோகாவுக்கு டெல்லி எய்ம்ஸ் ஆய்வே இருக்கிறது. 2020-இல் வெளியானது. மாதம் 9.1 முறை தலைவலி வந்தவர்களுக்கு மூன்று மாத யோகாவில் 4.7 ஆகக் குறைந்தது, மாத்திரையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ராதாவுக்கு நான் சொல்வது, யோகாவை ஒழுங்காகச் செய்யுங்கள், மருந்தே வேண்டாம்.

சந்தேகப்_பிராணி

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் யாரும் மருந்தை விட்டுவிட்டு யோகா செய்யவில்லை. இரண்டு குழுவும் மருந்து சாப்பிட்டது, ஒரு குழு மட்டும் கூடவே யோகா செய்தது. யோகா குழு 9.1-இல் தொடங்கியது, மருந்து மட்டும் சாப்பிட்ட குழு 7.7-இல் தொடங்கி 6.8-இல் முடிந்தது. அதிகத்தில் தொடங்குகிறவர்கள் கொஞ்சம் தானாகவே இறங்குவதும் உண்டு. சேர்ந்தவர்கள் 160, முடித்தவர்கள் 114. யார் யோகா செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், தலைவலியை எண்ணி எழுதியதும் அவர்களேதான். பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. "மருந்தே வேண்டாம்" என்பது அதில் எங்கேயும் இல்லை என்கிறேன்.

யோகா_செல்வி

கூடவே மருந்து இருந்தது என்பதை ஏற்கிறேன். டாக்டரைக் கேட்காமல் ராதா எதையும் நிறுத்தவேண்டாம். ஆனால் மூன்று மாதத்தில் நான்கு தலைவலி குறைந்ததை "தானாக இறங்கியது" என்று மட்டும் தள்ளிவிட முடியாது தம்பி.

சந்தேகப்_பிராணி

தள்ளவில்லை அக்கா. பாதி இறங்கியிருந்தாலும் நான் சந்தோஷப்படுவேன்.

பிசியோ_கோவை

சைக்கிள் பயிற்சிக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே கோதன்பர்க் குழு 2011-இல் 91 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. சைக்கிள் குழுவுக்கு மாதத்தில் 0.93 தாக்குதல் குறைந்தது, டோபிராமேட் குழுவுக்கு 0.97, தளர்வுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 0.83. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்க விளைவு வந்தது மாத்திரைக் குழுவில் மட்டும், மூன்றில் ஒருவருக்கு. சும்மா இருந்த குழு என்று ஒன்று அதில் கிடையாது. அதனால் சைக்கிள் மிதித்தால் தலைவலி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று குறையும், பக்க விளைவு இல்லாமல். அவ்வளவுதான் நாம் எதிர்பார்க்கலாம். சிலருக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது.

யோகாவிலும் கிடைக்கிறது, தளர்வுப் பயிற்சியிலும் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியம். எண்டார்பின், ஆக்சிஜன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், ஒன்றும் முடிவாகவில்லை.

செல்வி அம்மா, ராதாவுக்கு எந்த ஆசனத்தில் தொடங்குவீர்கள்? இது உங்கள் துறை.

யோகா_செல்வி

மைக்ரேன்காரர் வகுப்புக்கு வந்தால் முதல் மாதம் அவர் தலையை இதயத்துக்குக் கீழே இறக்க விடமாட்டேன். சிரசாசனம், சர்வாங்காசனம் கிடையாது. வேலு ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. பாதஹஸ்தாசனமும் அதோமுக சுவானாசனமும்கூட வேண்டாம். குனிந்து நிற்கும்போது கண்ணுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுவதை அவர்களே சொல்வார்கள். சூரிய நமஸ்காரத்தைப் பலர் யோகாவின் முதல் படி என்று நினைக்கிறார்கள். அதில் தலை பன்னிரண்டு நிலையில் மேலும் கீழும் போய் வருகிறது, வேகமாகச் செய்தால் பாதிப் பேருக்குத் தலை சுற்றும்.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் கூடாது. டிவியைப் பார்த்துக் காலையில் நூறு முறை கபாலபாதி போட்டுத் தலைவலியோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூச்சைப் பிடித்து அடக்கும் கும்பகமும் வேண்டாம்.

தொடங்குவது இப்படி. நாற்காலியிலோ சம்மணமிட்டோ உட்கார்ந்து தோள் சுழற்சி, கழுத்தைப் பக்கவாட்டில் மட்டும் மெல்லச் சாய்ப்பது. கழுத்தை முழு வட்டமாகச் சுற்றக்கூடாது. பிறகு மார்ஜரி ஆசனம், நாலு காலில் நின்று முதுகை ஏற்றி இறக்குவது, தலையைத் தொங்கவிடாமல். தலைக்குக் கீழே தலையணை வைத்துப் பாலாசனம். சுவரில் காலைச் சாய்த்து, இடுப்பு தரையிலேயே இருக்க, ஐந்து நிமிடம். நாடிசுத்தி மூச்சை அடக்காமல், ஐந்து நிமிடம். கடைசியில் சவாசனம் பத்து நிமிடம், கண்ணில் ஒரு துணி. எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம்தான். அறையில் ஊதுபத்தி கொளுத்தாதீர்கள், வாசனையே பலருக்கு வலியைக் கிளப்பும். பிராமரி சிலருக்கு அருமையாக இருக்கும், சிலருக்கு அந்த ரீங்காரமே தலையைக் குடையும். இரண்டு மூன்று மூச்சு செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேலு_காலைநடை

நான் எழுபது வயதில் சிரசாசனம் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் எனக்கு இந்த வியாதி இல்லை, அது வேறுதான். ஒன்று கேட்கிறேன். நடக்கப் போகும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனால் என்ன? என் மருமகள் அப்படித்தான் செய்கிறாள்.

பிசியோ_கோவை

வேண்டாம் ஐயா. வாரம் மூன்று நடை என்றால் மாதத்தில் பன்னிரண்டு மாத்திரை அதற்கே போய்விடும். தலைவலிக்குச் சாப்பிடுவது அதற்கு மேல் தனி. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், டிரிப்டான் வகையோ கலவை மாத்திரையோ 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதம் தாண்டிப் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். அந்த நிலையில் நடை, யோகா எதுவும் எடுபடாது. உங்கள் மருமகள் மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறார் என்று காலண்டரில் குறித்து, டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

ராதா_திருச்சி

வீட்டுக்குத் தெரியாமல் குறித்து வைத்துக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி நடை, காலையில். செவ்வாய், சனி செல்வி அக்கா சொன்ன யோகா. ஒரு சந்தேகம் மட்டும். நடந்த அன்று தலைவலி வந்தால் என்ன செய்வது? பயந்து நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பிசியோ_கோவை

அதற்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் எட்டு ஒன்பது நாள் வலி வருகிறவருக்கு, சும்மா உட்கார்ந்திருந்தாலே மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வரத்தான் செய்யும். வாரத்தில் மூன்று நாள் நடந்தால், அதில் ஏதோ ஒன்றை ஒட்டி வலி வருவது வெறும் தற்செயலாகவே நடக்கும். அதனால் ஒருமுறை வந்தால் எதையும் மாற்றாதீர்கள். அடுத்தடுத்த மூன்று நடையில் இரண்டுக்கு, 24 மணி நேரத்துக்குள் வலி வந்தால், ஒரு படி கீழே இறங்குங்கள். அதாவது வேகப் பகுதியில் ஐந்து நிமிடம் குறைத்து, இரண்டு வாரம் அங்கேயே இருங்கள். முதல் படியிலேயே அப்படி ஆனால் வேகப் பகுதியை எடுத்துவிட்டு வெறும் மெதுநடை.

கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் வந்த நாளில் நடையை விட்டுவிடலாம், அல்லது பத்து நிமிடம் மெதுவாக நடந்து திரும்பலாம். வலி இருக்கும்போது எதுவும் வேண்டாம். வலி போன மறுநாளும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், அன்றைக்கும் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் முழுதும் விட்டுப்போனால் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். விட்டதைச் சேர்த்துச் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒன்றரை மணி நேரம் நடப்பதுதான் இதைக் கெடுக்கும் முதல் வழி.

டைரியில் நான்கே கட்டம் போதும்: வலி உண்டா, மாத்திரை போட்டீர்களா, நடந்தீர்களா, மாதவிலக்கு நாளா. முதல் மாதத்தில் எதுவும் குறையாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து, மாதத்தையும் மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மகேஷ்_ஜிம்

தகவலுக்காக. ஸ்கேனும் முதுகில் ஊசி போட்டு எடுக்கும் பரிசோதனையும் பார்த்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. ரத்தக் குழாய்களை மறுபடி பார்க்கவேண்டும் என்று சில வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஜிம் கிடையாது. நன்றி சார்.

ராதா_திருச்சி (மூன்று மாதம் கழித்து)

எல்லோரும் மறந்திருப்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது 40 நிமிடம் நடக்கிறேன், வேகப் பகுதி இருபது நிமிடம். ஆறாவது வாரத்தில் இரண்டு முறை அடுத்தடுத்து வலி வந்தது. விதிப்படி ஒரு படி இறங்கினேன், பிறகு ஏறிவிட்டேன். முதல் மாதம் தலைவலி நாட்கள் 9, இரண்டாவது மாதம் 8, போன மாதம் 6. மாத்திரை நாட்களும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கின்றன. யோகா செய்கிற நாள் இரவுத் தூக்கம் நன்றாக இருக்கிறது, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

குறையாதது ஒன்று உண்டு. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி மூன்றாம் நாள் வரை வரும் வலி அப்படியே இருக்கிறது. நடந்தாலும் வருகிறது, நடக்காவிட்டாலும் வருகிறது. மிஞ்சியிருக்கும் ஆறில் மூன்று அதுதான்.

சந்தேகப்_பிராணி

வாழ்த்துகள். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த மூன்று மாதத்தில் மாலைப் பட்டினியும் போயிருக்கும், காபியும் நேரத்துக்கு வந்திருக்கும், காலையில் எழவேண்டும் என்பதால் ஒரே நேரத்தில் தூங்கியும் இருப்பீர்கள். குறைந்தது நடையாலா, இதனாலா?

ராதா_திருச்சி

தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கவேண்டுமாம், அதற்கு நான் தயாரில்லை :)

யோகா_செல்வி

மாதவிலக்கு நாட்களில் நடையை நிறுத்திவிட்டு, காலைச் சாய்ப்பதையும் விட்டுவிட்டு, படுத்த நிலை ஆசனங்களும் சவாசனமும் மட்டும் செய்யுங்கள். என் மாணவிகளுக்கு அது உதவியிருக்கிறது.

பிசியோ_கோவை

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வலி இல்லாத மணி நேரத்தில் மெதுநடை கெடுதல் செய்யாது, ஐந்து நாள் முழுதாக நிறுத்தினால் பழகியது கலைகிறது. வேகப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நடக்கலாம் என்பது என் கட்சி. இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, இரண்டு மாதம் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஆனால் மாதவிலக்கு மைக்ரேன் பொதுவாக மற்றதைவிட நீளமாக, பிடிவாதமாக இருக்கும். நடைக்கு அது அசையவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. உங்கள் மாதவிலக்கு நாள் தவறாமல் வருகிறது என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து கொடுக்கும் முறை உண்டு. அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் போகும்போது மூன்று மாத டைரியை எடுத்துப் போய், அந்த ஐந்து நாளை வட்டமிட்டுக் காட்டுங்கள். ப்ரொப்ரனோலால் அளவைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலு_காலைநடை

மருமகள் காலண்டரில் குறித்தாள். போன மாதம் பதினேழு நாள் மாத்திரை. வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவளுக்கு இந்த இருபது நிமிட நடையை இப்போதே தொடங்கலாமா, அதற்கு அப்புறமா?

பிசியோ_கோவை

டாக்டரைப் பார்த்த பிறகு ஐயா. மாத்திரையைக் குறைக்கத் தொடங்கும் முதல் சில வாரத்தில் தலைவலி கூடத்தான் செய்யும், அந்தப் பழியை நடை மேல் போட்டுவிடுவார்கள். அது கொஞ்சம் அடங்கியதும் பத்து நிமிட மெதுநடையில் தொடங்கச் சொல்லுங்கள்.

வேலு_காலைநடை

சரி. வெறும் வயிற்றில் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.